உமர் பாயின் இரண்டு சிவப்பு விளக்குகள்

உமர் பாய்க்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. கடையில் டீ வாங்கினால் கிளாஸை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்க்காமல் குடிக்க மாட்டார். சாப்பாட்டுத் தூக்கை மூடிய பிறகு கைப்பிடியில் நூல் சுற்றித் தனக்கு மட்டும் தெரிந்த முடிச்சுப் போடுவார். பழவேற்காடு பள்ளிவாசல் வாசலில் செருப்பைக் கழற்றினால் ஒன்றை இந்த ஓரம், மற்றொன்றை அந்த ஓரம் விடுவார். ஒற்றைச் செருப்பை எவன் திருடுவான் என்பது அவர் கணக்கு. தொழுகை முடிந்து வந்து ஒரு செருப்பைத் தேடி அவரே கால் மணி நேரம் அலைவார், அது வேறு கதை.

இப்படி ஊரையே சந்தேகப்பட்ட மனிதர் ஒரே ஒரு ஆளைச் சந்தேகப்பட மறந்துவிட்டார். அந்த ஆள் அவரேதான். அதனால் பட்ட பாட்டைத்தான் சொல்ல வருகிறேன்.

ஏரிக்கரையில் பழைய வியாபாரக் குடும்பம் இனாயத்துல்லாவுடையது. அந்த வீட்டு பியட் காருக்கு உமர் பாய் இருபது வருடமாக டிரைவர். எண்பத்து மூன்றாம் வருடம் ஏப்ரலில் இனாயத்துல்லா பத்து மாத வேலையாகக் குவைத்துக்குப் போனார். போகும் முன் காரைக் கொட்டகையில் நிறுத்தி, அச்சுக்கு அடியில் நாலு கட்டை கொடுத்துத் தூக்கி வைத்துவிட்டு, உமர் பாயிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். வாரம் ஒரு தடவை, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வந்து, என்ஜினை ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் ஓடவிட வேண்டும். உப்புக்காற்று ஊர். சும்மா நிற்கிற இரும்பை ஏரி தின்றுவிடும். மாதம் ஒரு கடுதாசியும் போட வேண்டும், அவ்வளவுதான்.

இனாயத்துல்லாவுக்கு வண்டி அடிபட்டால் கோபம் வராது. பொய் சொன்னால் வரும். உமர் பாய்க்கு முன்னால் அந்த வீட்டில் சகாதேவன் என்று ஒருவர் பதினாலு வருடம் வண்டி ஓட்டினார். ஒரு நாள் மட்கார்டு நசுங்கியது. மாடு முட்டியது என்றார். முட்டியது எளாவூர் செக்போஸ்ட் கம்பம். அன்று சாயங்காலமே சாவியை வாங்கிக்கொண்டு, "கம்பம்னு சொல்லியிருந்தா நாளைக்கும் நீதான் டிரைவர், சகாதேவா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தச் சாவிதான் உமர் பாய் கைக்கு வந்தது. ஆகவே அந்த வேலை எப்படிப் போகும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதல் மூன்று வெள்ளிக்கிழமை போனார். நாலாவது வாரம் சுண்ணாம்புக்குளத்து இறால் வேன் ஒன்றுக்கு டிரைவர் இல்லையென்று கூப்பிட்டார்கள். ஐஸ் போட்ட இறாலை எளாவூர் வழியாக மெட்ராஸுக்குக் கொண்டுபோக வேண்டும். வெள்ளிக்கிழமைதான் பெரிய லோடு. ஒரு வாரம்தானே என்று ஏறினவர் இறங்கவே இல்லை. கடுதாசியை மட்டும் விடவில்லை. அவருக்குக் கிலோமீட்டர் கல்லில் நம்பர் படிக்கத் தெரியும், பஸ் போர்டு படிக்கத் தெரியும், எழுத வராது. எழுதுகிறவள் மனைவி பரீதா. மாதம் ஒரு தடவை அவள் எதிரில் உட்கார்ந்து, "வாரம் தவறாம வண்டியை ஸ்டார்ட் பண்றேன்னு எழுது" என்பார். அவள் நீலக் கடுதாசியை விரித்துத் தலைமேல் இறைவன் பெயருக்கு அடையாளமாக 786 போட்டுவிட்டுத் தலையை ஆட்டுவாள். அவர் புறப்பட்டுப் போய்விடுவார்.

பிப்ரவரியில் தந்தி வந்தது. சனிக்கிழமை காலை மீனம்பாக்கத்துக்கு வண்டி கொண்டுவரவும்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். உமர் பாய் மடியில் ஒன்பது மாதக் கனம் இருந்தது. வியாழக்கிழமை விடியற்காலையில் சைக்கிள் கேரியரில் சாக்குப் பை சுற்றிய ஒரு பேட்டரியைக் கட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். இறால் வேனுக்கு வைத்திருந்த மாற்று பேட்டரி, இரவல். கார் பேட்டரி செத்திருக்கும், அது நிச்சயம். இதை மாட்டி ஓடவிட்டு, செத்ததைச் சாக்கில் சுற்றி எடுத்துப்போய்விட்டால் யாருக்கும் தெரியாது என்பது திட்டம்.

கொட்டகைக் கதவின் கொண்டியில் தான் ஒன்பது மாதத்துக்கு முன் சுற்றிய நூலை முதலில் தேடினார். அறுந்து தொங்கியது. காற்றில் அறுந்திருக்கும் என்று வேறு யாராவது நினைத்திருப்பார்கள். உமர் பாய் அந்த நூல் நுனியைக் கையில் எடுத்து, இழுபட்டு அறுந்ததா, மக்கி அறுந்ததா என்று பார்த்தார். இழுபட்டது.

பானெட்டைத் தூக்கினார். ஒன்பது மாதம் தொடாத பேட்டரியின் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்க வேண்டும். ஒன்றுமில்லை. துடைத்து, கறுப்பாகத் திக்கான கிரீஸ் தடவியிருந்தது. ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். மேல் கோட்டில் சரியாக நின்றது. ரேடியேட்டரில் தண்ணீர் இருந்தது. எல்லாம் நன்றாக இருக்க இருக்க அவருக்குச் சந்தேகம் ஏறியது.

உள்ளே உட்கார்ந்து சாவியை முதல் திருப்பு திருப்பினார். இங்கேதான் சங்கதி. சாவி போட்டதும் அந்த வண்டியில் இரண்டு சிவப்பு விளக்கு எரியும். ஒன்று ஆயிலுக்கு, மற்றொன்று டைனமோவுக்கு. என்ஜின் ஓடாதபோது ஆயிலுக்கு அழுத்தம் இல்லை, டைனமோ சுற்றவில்லை, அதனால் எரிய வேண்டும், அது முறை. ஆனால் பத்து மாதம் நின்ற வண்டியில் அவை அணையப் போகிற பீடி மாதிரி மங்கி எரியும், இல்லையென்றால் எரியவே எரியாது. இரண்டும் பளிச்சென்று எரிந்தன.

உமர் பாய் கையைச் சாவியிலிருந்து எடுத்துவிட்டார். வேறு டிரைவராயிருந்தால் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லியிருப்பான். இவர் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தார், யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று.

சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தார். இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ஆயில் விளக்கு உடனே அணைந்தது. அது இன்னும் மோசம். நெடுநாள் நின்ற என்ஜினில் ஆயில் முழுக்க அடியில் இறங்கிக் கிடக்கும். பம்ப் அதை மேலே ஏற்றுவதற்கு நாலைந்து விநாடி பிடிக்கும், அதுவரை மேலே கடகடவென்று சத்தம் கேட்கும், விளக்கு நின்று எரியும். இது கண் இமைக்கும் முன் அணைந்தது என்றால் இந்த என்ஜின் போன வாரம் ஓடியிருக்கிறது. ஸ்பீடோமீட்டரில் இருந்த நம்பரைச் சுவரில் தான் கரியால் எழுதிவைத்த நம்பரோடு சேர்த்துப் பார்த்தார். 38614. அதே நம்பர். வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. என்ஜின் மட்டும் ஓடியிருக்கிறது.

மற்ற விளக்கு அணையவில்லை. டைனமோ விளக்கு. சும்மா ஓடும்போது அது லேசாக எரியும், ஆக்சிலேட்டரை மிதித்தால் அணைய வேண்டும். மிதித்தார். இன்னும் மிதித்தார். விளக்கு அசையவே இல்லை. என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி பெல்ட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார், இறுக்கமாகத்தான் இருந்தது. அப்படியென்றால் டைனமோ கரண்ட் கொடுக்கவில்லை. கரண்ட் கொடுக்காத டைனமோ பேட்டரியை எப்படி நிரப்பும்? நிரப்பாது. ஆனால் பேட்டரி நிரம்பியிருக்கிறது. யாரோ இதைக் கழற்றி வெளியே கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி, திரும்பவும் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள்.

பேட்டரியைச் சற்றுத் தூக்கி அந்தப் பக்கத்தைத் திருப்பினார். சார்ஜ் கடைக்காரர்கள் யாருடையது என்று சாக்பீஸால் எழுதுவது வழக்கம். எழுதியிருந்தது. பஸ் போர்டு எழுத்துக் கூட்டுகிற மாதிரி கூட்டிப் படித்தார். பழவேற்காடு, உமர்.

கொட்டகை வாசலில் உட்கார்ந்துவிட்டார். அவர் வாழ்க்கையில் எத்தனையோ பேர் மேல் சந்தேகப்பட்டிருக்கிறார். தன் பெயரையே யாரோ எடுத்துப் போட்டுக்கொண்டு தன் வேலையைத் தனக்குத் தெரியாமல் செய்திருக்கிறான் என்பது புதுசு. திருடுகிறவனைத் திருடன் எனலாம். செய்யாததைச் செய்து வைத்துவிட்டுப் போகிறவனை என்னவென்பது? ஒன்று மட்டும் தெரிந்தது. அந்த ஆளுக்கு உமர் பாய் வரவில்லை என்பது தெரியும். சனிக்கிழமை அவன் வாய் திறந்தால் போதும், சாவி போய்விடும்.

வீட்டுப் பின்கட்டிலிருந்து இனாயத்துல்லாவின் மனைவி உம்மு ஹானி எட்டிப் பார்த்தார். உமர் பாய் எழுந்து நின்று, வண்டி நல்லா இருக்கும்மா என்றார்.

"நல்லாத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமையானா சத்தம் கேட்டுடுதே. அவருக்கும் எழுதியிருக்கேன்" என்றார் உம்மு ஹானி. முகத்தில் சிரிப்புமில்லை, கோபமுமில்லை. உள்ளே போய்விட்டார்.

யார் ஸ்டார்ட் செய்தது என்று கேட்க முடியுமா? கேட்டால் நான் வரவில்லை என்று சொன்னதாகிவிடும். திருடனுக்குத் தேள் கொட்டினால் அவன் கத்தவா முடியும்? உமர் பாயும் கத்தவில்லை. பெட்ரோல் டாங்கில் குச்சி விட்டுப் பார்த்தார், ஊற்றியிருந்தார்கள். டயரை உதைத்துப் பார்த்தார், காற்று இருந்தது. பிறகு பேட்டரி முனையில் இருந்த கறுப்பு கிரீஸை விரலில் எடுத்து முகர்ந்தார். மோட்டார் கடைகளில் கிடைக்கிற கிரீஸ் இல்லை அது. படகு என்ஜினுக்குத் தடவுகிறது.

படகு என்ஜின் என்றால் துளசிங்கம்தான். கொட்டகைக்கு நூறு அடி தள்ளி, கரையில் கீற்று இறக்கிப் படகு என்ஜின் பழுது பார்ப்பவன், குப்பத்து ஆள். போன வருடம் உமர் பாய் தன் பதினாலாம் நம்பர் ஸ்பேனரை அவன் எடுத்துவிட்டான் என்று நாலு பேர் முன்னால் கத்தியிருந்தார். ஸ்பேனர் அப்புறம் டிரைவர் சீட்டுக்கு அடியில் கிடைத்தது. கிடைத்த விஷயத்தை உமர் பாய் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் துளசிங்கத்துக்குத் தெரியும் என்று அவருக்கு ஒரு சந்தேகம்.

போனார். துளசிங்கம் ஒரு டீசல் என்ஜினின் வாயைப் பிரித்துப் போட்டு மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. உமர் பாய் அவன் கிரீஸ் டப்பாவைப் பார்த்துவிட்டு, கொட்டகைக்குள் வந்தாயா என்று கேட்டார். வந்தேன் என்றான். பேட்டரியைக் கழற்றினாயா? கழற்றினேன். பொன்னேரிக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றினாயா?

"கழட்டி பஸ்ல ஏத்திவுட்டதோட செரி. பொன்னேரிக்கு நான் போவல பாய்."

"பின்ன யாரு போனது?"

துளசிங்கம் கையைத் துடைத்துக்கொண்டு முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தான். "ஒரு பொம்பள போச்சு. யாருன்னு நான் சொல்லமாட்டேன். நான் சொன்னா நீ ஸ்பேனர் கதையாட்டம் ஊர்ல போய்ச் சொல்லுவ."

உமர் பாய் திரும்பி நடந்தார். ஏரியில் தண்ணீர் வற்றியிருந்த காலம். சேற்றில் பறவைகள் நின்றன, அவர் எதையும் பார்க்கவில்லை. ஒரு பொம்பளை. பேட்டரியைத் தூக்கிக்கொண்டு பொன்னேரி பஸ்ஸில் போகிற பொம்பளை. துளசிங்கம் ஏற்றிவிட, இறக்கிக்கொள்ள அங்கே யார் நின்றார்கள்?

நடக்கும்போதே ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு மாதத்துக்கு முன் இரவுச் சோறு போடும்போது பரீதா, "ஏங்க, மிதிச்சாலும் டைனமோ விளக்கு அணையலன்னா இன்னா அர்த்தம்?" என்று கேட்டாள். மீன் குழம்பில் கை வைத்தபடியே அவர் பதில் சொன்னார். பெல்ட்டு அறுந்திருக்கும், இல்லாவிட்டால் உள்ளே பிரஷ் மாட்டிக்கொண்டிருக்கும். அதோடு ஓட்டினால் பேட்டரி இறங்கிப்போகும், கழற்றி வெளியில்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும். சொல்லி முடித்த பிறகுதான் இவளுக்கு எதற்கு டைனமோ என்று தோன்றியது. யாரோ டிரைவர் பேசுவதை எங்கோ நின்று கேட்டிருக்கிறாள் என்று அன்றிரவு பாதி நேரம் தூங்காமல் கிடந்தார். கேட்கவில்லை. சந்தேகம் என்பது கேட்டால் தீர்ந்துவிடும், அதனாலேயே அவர் கேட்பதில்லை.

இன்னொன்றும் இருந்தது. வெளியே போகும்போது பரீதா போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துப்பட்டியின் ஓரத்தில் குண்டூசி அளவில் பத்துப் பதினைந்து ஓட்டைகள். போன வாரம் அதைக் கொடியில் பார்த்தபோது எவனோ பக்கத்தில் உட்கார்ந்து பீடி குடித்த பொறி என்று முடிவு கட்டியிருந்தார். பஸ்ஸில், பக்கத்தில், எவனோ. அந்த எண்ணத்தை ஒரு வாரமாக அடுப்பில் வைத்து ஆறவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார் மனுஷன். வெட்கக்கேடு.

வீட்டுக்குள் நுழைந்ததும் கொடியில் கிடந்த துப்பட்டியை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பொறி பட்டால் ஓட்டையின் ஓரம் கருகியிருக்கும். இதில் கருகல் இல்லை. நூல் அப்படியே மக்கிக் கரைந்திருந்தது. இருபது வருடமாக அவருடைய காக்கிச் சட்டை, லுங்கி எல்லாவற்றிலும் விழுகிற அதே ஓட்டை. பேட்டரித் திராவகம்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த பரீதா முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீயா?" என்றார் உமர் பாய்.

"நான்தான். எப்பக் கேப்பீங்கன்னு இருந்தேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? ஓட்டாத வண்டியை ஓட்டுறேன்னு எழுதச் சொன்னீங்க. மேல 786 போட்டுட்டு அதுக்குக் கீழ பொய் எழுத எனக்குக் கை வராது. எழுதாம இருந்தா உங்க வேலை போயிடும். அதான், எழுதினதை நெசமாக்கிட்டேன்."

அவள் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். முதல் தடவை அவர் பொய்யை எழுதச் சொன்ன அன்று, கடுதாசியில் 786-ஐப் போட்டுவிட்டு அதன் கீழே ஒன்றும் எழுதாமல் மடித்து வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை உம்மு ஹானியிடம் போய் வீட்டிலிருந்த மாற்றுச் சாவியைக் கேட்டாள். துளசிங்கம் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தான். கியரை நடுவில் வை, சோக்கை இழு, கதவு ரெண்டையும் திறந்து வை, புகை அடைக்கக் கூடாது. சாவி போட்டால் ரெண்டு சிவப்பு எரியும், பயப்படாதே. ஒன்று தானாக அணையும். அது அணையாவிட்டால் உடனே நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடு. இன்னொன்றை அணைக்க நீ மிதிக்கணும், அப்போதுதான் பேட்டரி ஏறும். அன்று கால் மணி நேரம் ஓடவிட்டுவிட்டு வந்துதான் கடுதாசியை முடித்தாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவில்லை. மழையில் ஊருக்குள் தண்ணீர் வந்த வாரமும் முழங்கால் தண்ணீரில் போனாள். ஜனவரியில் ஒரு நாள் மிதித்த விளக்கு அணையவில்லை. டைனமோ பழுது துளசிங்கத்துக்குத் தெரியாது, கைப்பிடி போட்டுச் சுற்றுகிற படகு என்ஜினில் அது கிடையாது. ஆகவே தெரிந்த டிரைவரைக் கேட்டாள், சோறு போடும்போது. அவர் சொன்னபடியே பேட்டரியை இரண்டு தடவை பொன்னேரிக்குக் கொண்டுபோனாள். எந்த வண்டி என்று கடைக்காரன் கேட்டான், சொன்னாள். அது உமர் வண்டியாச்சே என்று அவனாகவே எழுதிக்கொண்டான்.

"லாத்தாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். உம்மு ஹானியைப் பற்றித்தான் கேட்டார்.

"சாவி குடுத்தது யாரு பின்ன? உன் வூட்டுக்காரர் வரலியான்னு கேட்டாங்க. எறா வண்டிக்குப் போயிருக்காருன்னு உள்ளதைச் சொன்னேன்."

"குவைத்துல இருக்கறவருக்கு?"

"அவங்க எழுதினாங்களா இல்லியான்னு எனக்குத் தெரியாது. நான் யார்னு எழுதல. வண்டி எப்பிடிக் கீதுன்னுதான் எழுதினேன்."

உமர் பாய் அன்று சாப்பிடவில்லை. இவள் மேலேயா பீடிப் பொறியை நினைத்தோம் என்று நினைக்கும்போதெல்லாம் காது சுட்டது. துப்பட்டியை மடித்துக் கொடியில் போடத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

மத்தியானம் கொட்டகைக்குப் போய் டைனமோவைக் கழற்றினார். பட்டையை நீக்கிப் பார்த்தால் கார்பன் பிரஷ் இரண்டும் உப்புப் பிடித்துத் தங்கள் கூட்டிலேயே இறுகிக் கிடந்தன. அவை தொட வேண்டிய செப்பு உருளை கறுத்துப் பாசி பிடித்த மாதிரி இருந்தது. பிரஷைச் சுரண்டி, கூட்டில் தாராளமாக ஏறி இறங்கும்படி செய்தார். செப்பு உருளையை மெல்லிய தேய்ப்புத் தாளால் சுற்றிச் சுற்றித் தேய்த்துப் பெட்ரோல் துணியால் துடைத்தார். துளசிங்கம் வந்து நின்று வேடிக்கை பார்த்தான். உமர் பாய் தலையைத் தூக்காமல், "அந்த ஸ்பேனர் என் சீட்டுக்கு அடியிலதான் கெடந்துச்சு" என்றார். துளசிங்கம் தெரியும் என்று சொல்லிவிட்டு டைனமோவைத் தூக்கி மாட்ட ஒரு கை கொடுத்தான். ஸ்டார்ட் செய்து மிதித்தபோது விளக்கு அணைந்தது. காரைக் கட்டையிலிருந்து இறக்கி, பிரேக்கைப் பார்த்து, வெள்ளிக்கிழமை பொன்னேரி வரை ஓட்டிப் பார்த்தார். 38614 அன்றைக்குத்தான் மாறியது.

இனி எல்லாம் சரி. வண்டி ஓடுகிறது. பொய்யும் ஒரு மாதிரி மெய்யாகிவிட்டது. பேசாமல் இருந்துவிட்டால் வேலை இருக்கும். இப்படித்தான் சனிக்கிழமை விடியும் வரை மனது கணக்குப் போட்டது. ஆனால் உம்மு ஹானி எழுதியிருப்பாரோ என்ற கேள்வி கூடவே வந்தது. அந்தக் கேள்வியோடே மீனம்பாக்கம் வந்து சேர்ந்தார்.

இனாயத்துல்லா இளைத்திருந்தார். சலாம் சொல்லிக் கட்டிக்கொண்டார், பெட்டிகளை ஏற்றினார்கள், வழக்கம்போல முன் சீட்டில் உட்கார்ந்தார். உமர் பாய் சாவியை முதல் திருப்பு திருப்பினார். இரண்டு சிவப்பும் பளிச்சென்று எரிந்தன. இனாயத்துல்லா வெளியே பார்க்கவில்லை, ஊர் எப்படி என்று கேட்கவில்லை. அந்த இரண்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உமர் பாயின் கை அடுத்த திருப்புக்குப் போகவில்லை. எளாவூர் கம்பமும் சகாதேவன் முகமும் கண் முன்னால் வந்தன. துப்பட்டியின் ஓட்டைகள் வந்தன.

"பாய், இந்த வெளக்கை நான் ஒம்போது மாசமாப் பாக்கல. எறா வண்டிக்குப் போயிட்டேன். ஸ்டார்ட் பண்ணது என் வீட்ல. பரீதா."

"தெரியும்."

"லாத்தா எழுதினாங்களா?"

"வண்டிச் சத்தம் கேக்குதுன்னு எழுதினா. உன்னைப் பத்தி ஒரு வார்த்தை எழுதல." இனாயத்துல்லா சட்டைப் பையிலிருந்து மடித்த நீலக் கடுதாசிகளை எடுத்தார். ஒன்றைப் பிரித்துப் படித்தார். சாவி போட்டதும் ரெண்டு சிவப்பு விளக்கு எரிகிறது, ஒன்று உடனே அணைகிறது, இன்னொன்று மிதித்தால் அணைகிறது, இன்றைக்கும் இரண்டும் அணைந்தது, அல்ஹம்துலில்லாஹ். அடுத்ததைப் பிரித்தார். அதிலும் விளக்கு. அதற்கடுத்ததிலும். "இருவது வருசம் ஓட்டுனவன் வெளக்கு அணைஞ்சுதுன்னு கடுதாசி எழுதுவானா உமர்? பயந்துக்கினே ஸ்டார்ட் பண்றவங்கதான் எழுதுவாங்க. மொதக் கடுதாசியிலயே இது நீ இல்ல, எழுதுற பொண்ணுதான்னு தெரிஞ்சுபோச்சு."

உமர் பாய் கடுதாசியை எட்டிப் பார்த்தார், முதலில் கண்ணில் பட்டது தலைமேல் இருந்த 786தான்.

"நீ சொல்றியா இல்லியான்னுதான் பாத்துக்கினு இருந்தேன். சொல்லாம ஸ்டார்ட் பண்ணியிருந்தா, வீட்டு வாசல்ல சாவியை வாங்கியிருப்பேன்." கடுதாசிகளை மடித்துத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. "அது சரி, வண்டியைக் காப்பாத்தினது அந்தப் பொண்ணு. அதை வீட்ல வுட்டுட்டு நீ மட்டும் வந்துக்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

இருந்தது. சாவியைத் திருப்பினார். ஒரு விளக்கு உடனே அணைந்தது. காலை அழுத்தினார், மற்றதும் அணைந்தது.

அதற்குப் பிறகும் உமர் பாய் டீ கிளாஸைத் தூக்கிப் பார்த்துத்தான் குடித்தார், செருப்பை இந்த ஓரமும் அந்த ஓரமுமாகத்தான் விட்டார். பிறவிக் குணம் போகுமா? ஆனால் பரீதா கடுதாசி எழுத உட்கார்ந்து தலைமேல் 786 போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால், உடனே வார்த்தை சொல்ல மாட்டார். "இரு" என்பார். எழுந்து போய், எழுதச் சொல்ல வேண்டியதைத் தன் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து, அதற்கப்புறம்தான் சொல்வார்.